திருவாசக ஆங்கில மொழிபெயர்ப்பும் பதிப்புரிமையும்: ஆய்வேட்டுக்கான பதிப்புத் தேர்வு

தில்லையோடு தொடர்புடைய திருவாசகத்தை அண்ணாமலை நகரில் ஆய்வோர் ஆங்கில மேற்கோளுக்கு எப்பதிப்பைக் கொள்வது என்பது சட்டம் சார்ந்த வினாவுமாகும். மூலம் பொதுவுடைமையாயினும் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு.

ஜி. யு. போப்பின் மொழிபெயர்ப்பு 1900இல் ஆக்ஸ்போர்டில் வெளிவந்தது. அவர் 1908இல் மறைந்தார். இந்தியச் சட்டம் இன்று கூறும், மறைவுக்குப் பிந்தைய 60 ஆண்டுகளைக் கணக்கிட்டாலும் 1968இன் முடிவோடு உரிமை அற்றது. எனவே முழுப்பதிகத்தையும் பின்னிணைப்பாகத் தரலாம். எனினும் மறுபதிப்பில் பிறர் சேர்த்த முன்னுரைக்கும் குறிப்புகளுக்கும் இவ்விலக்கு பொருந்தாது. ஆதலால் 1900ஆம் ஆண்டுப் பதிப்போடு ஒப்பிட்டே எடுத்தாளல் வேண்டும்.

போப்பின் நடை பழமையானது. சைவக் கலைச்சொற்களை அவர் கிறித்தவச் சொற்களால் பெயர்க்கும் இடங்களும் உள. அங்கு உரிமையுள்ள புதிய மொழிபெயர்ப்பு தேவைப்படின், 52ஆம் பிரிவின் நியாயமான பயன்பாட்டுக்குள், விவாதிக்கும் அடிகளை மட்டும் சுட்டலாம். ஆய்வேடு சோத்கங்காவில் அனைவருக்கும் திறக்கப்படுவதால், முழுப்பதிகத்திற்கு உரிமையாளரின் எழுத்து இசைவு பெறுவதே முறை.