‘இல்லை’ என்ற பதிலுக்கு நேரம் இருக்கிறதா?

உலக சுகாதார நிறுவனம் 2008 ஜூனில் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் ஒரே தாளில் அடங்கிவிடும். மொத்தம் 19 கேள்விகள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் கேட்பது சைன்-இன். தோலைக் கீறுவதற்கு முன் கேட்பது டைம்-அவுட். நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறும் முன் கேட்பது சைன்-அவுட். அந்தந்த மருத்துவமனை தன் தேவைக்கேற்ப இதை மாற்றிக்கொள்ளலாம் என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. சிறிய அறுவைப் பிரிவுகள் அந்த அனுமதியை எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதைப் பார்த்தால், சைன்-இன், டைம்-அவுட் இரண்டின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரியும்.

தமிழ்நாட்டில் தாலுகா ஊர்களிலும் சிறுநகர நர்சிங் ஹோம்களிலும் உள்ள பிரிவுகளைத்தான் இங்கே மனத்தில் வைத்திருக்கிறேன். ஒரே தியேட்டர், ஒரு சர்ஜன், அழைத்தால் வந்துபோகும் மயக்க மருத்துவர், இரண்டு ஸ்டாஃப் நர்ஸ், ஓர் உதவியாளர். இங்கே பட்டியலை மாற்றுவது என்றால் பெரும்பாலும் சுருக்குவது என்றே பொருள். எல்லோரும் தெரிந்தவர்கள்தானே என்று அறிமுகம் போய்விடும். சின்ன ஆபரேஷன்தானே என்று ரத்தம் பற்றிய கேள்வி போய்விடும். மிஞ்சிய கேள்விகளை ஒரு நர்ஸ் தனியாக நின்று டிக் செய்துவிடுவார். கேள்விகளைக் குறைப்பது தவறான மாற்றம் என்பது என் கருத்து. சிறிய பிரிவுக்குத் தேவையானது கேள்விகளின் நேரத்தை மாற்றுவது. ‘இல்லை’ என்று பதில் வந்தால் அதைச் சரிசெய்ய வழியிருக்கும் நேரத்தில் ஒவ்வொரு கேள்வியும் கேட்கப்பட வேண்டும்.

ஒரு காலைப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். முதலில் ஹைட்ரோசில், இரண்டாவது வலது பக்க ஹெர்னியா, மூன்றாவது இடது பக்க ஹெர்னியா. காலையில் பார்த்தபோது இரண்டாவது நோயாளிக்குச் சர்க்கரை அதிகம். அவரைப் பின்னுக்குத் தள்ளி மூன்றாமவரை முன்னே அழைக்கிறார்கள். தியேட்டர் பலகையில் மட்டும் பழைய வரிசை அப்படியே இருக்கிறது. ஹெர்னியாவில் ஒரு சிக்கல் உண்டு. நிற்கும்போது துருத்திக்கொண்டு தெரியும் வீக்கம், மல்லாந்து படுத்ததும் பல நேரம் உள்ளே போய்விடும். மேசையில் கிடப்பவரைப் பார்த்து எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. அதனால் சர்ஜன் பலகையையோ கேஸ் ஷீட்டையோ தன் நினைவையோதான் நம்புகிறார். இவற்றில் ஒன்று தவறினால் நல்ல பக்கம் கீறப்படும்.

சைன்-இன் காப்பாற்ற வேண்டிய இடம் இது. ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே அது காப்பாற்றும். “வலது பக்கம்தானே ஐயா?” என்று நர்ஸ் கேட்டால் பயத்தில் இருக்கும் மனிதர் தலையாட்டிவிடுவார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அப்படித்தான். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே வார்டில் படுத்திருப்பது நம் ஊர்களில் அதிசயமில்லை. “உங்க பேரு, அப்பா பேரு சொல்லுங்க. என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம்? கையை வச்சுக் காட்டுங்க” என்று கேட்க வேண்டும். அவர் சொல்வதை ஐ.பி. எண்ணோடும் சம்மதப் படிவத்தோடும் நர்ஸ் ஒப்பிட வேண்டும். பதில் நோயாளியின் வாயிலிருந்து வரவேண்டும். நர்ஸின் கேள்விக்குள்ளேயே இருந்துவிடக் கூடாது.

சைன்-இன்னுக்கு மயக்க மருத்துவரும் நர்ஸும் இருந்தால் போதும், சர்ஜன் இருப்பது நல்லது என்பதே மூலப் பட்டியலின் ஏற்பாடு. சிறிய பிரிவில் இந்தச் சலுகை ஆபத்தாக முடியலாம். வந்துபோகும் மயக்க மருத்துவர் அந்த நோயாளியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். சர்ஜன் ஓ.பி.யை முடித்துக்கொண்டு, ஸ்பைனல் போட்ட பிறகு உள்ளே வருகிறார். ஸ்பைனல் ஊசி போடும்போது நோயாளியை முன்பே அறிந்த மருத்துவர் ஒருவர்கூட அறையில் இல்லை. சர்ஜனால் அந்த நேரத்தில் வர முடியாது என்றால், அவர் காலையில் வார்டிலேயே, நோயாளி விழித்து நிற்கும்போது, எந்தப் பக்கம் என்று தன் கையால் அம்புக்குறி போட்டிருக்க வேண்டும். அம்புக்குறி இல்லாமல் ஸ்பைனல் இல்லை என்பது விதியாக வேண்டும். அந்தக் குறியையும் அழியாத மார்க்கரால் போட வேண்டும். பால்பாயிண்ட் பேனாவில் போட்டது தோலைச் சுத்தம் செய்யும்போதே போய்விடும். துணி விரித்த பிறகும் கண்ணில் படும் இடத்தில் அது இருக்க வேண்டும். துணிக்கு அடியில் மறைந்த குறி டைம்-அவுட்டில் யாருக்கும் உதவாது.

டைம்-அவுட்டில் வரும் இரண்டு கேள்விகளைப் பார்த்தால் நேரத்தின் முக்கியத்துவம் விளங்கும். முதலாவது, கருவிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டனவா என்பது. ஆட்டோகிளேவிலிருந்து வந்த மூட்டையின் மேல் ஒட்டிய டேப் நிறம் மாறியிருந்தால் அது சூட்டைப் பார்த்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். நடுவே வைத்த காட்டிப் பட்டையின் நிறம் மாறியிருந்தால்தான் நீராவி உள்ளே போய்ச் சேர்ந்தது என்று நம்பலாம். அந்தப் பட்டையைப் பார்க்க மூட்டையைப் பிரிக்க வேண்டும். பத்து செட் வைத்திருக்கும் பெரிய மருத்துவமனையில் பட்டை நிறம் மாறாவிட்டால் அடுத்த செட்டை எடுத்துக்கொள்வார்கள். இருப்பது இரண்டே செட், ஒன்று முதல் நோயாளிக்குப் போய்விட்டது என்றால் என்ன செய்வது? ஸ்பைனல் போட்டுவிட்டார்கள்; அது இறங்குவதற்குள் இன்னொரு செட்டை வேகவைத்து, உலர்த்தி, ஆறவைத்து எடுப்பது நடக்கிற காரியம் இல்லை. அந்த நெருக்கடியில் “டேப் மாறியிருக்கு, பரவாயில்லை” என்ற குரல்தான் எழும். ஆகவே ஒற்றைச் செட்டை நம்பியிருக்கும் பிரிவில் இந்தக் கேள்வியைச் சைன்-இன்னுக்கு நகர்த்த வேண்டும். ஊசி போடுவதற்குச் சற்று முன் மூட்டையைப் பிரித்து, பட்டையைப் பார்த்து, மூடிவைக்க வேண்டும். கருவிகள் சில நிமிடங்கள் கூடுதலாகத் திறந்திருக்கும் என்ற குறை இதில் உண்டு. ஸ்பைனல் போட்ட நோயாளியோடு வழியில்லாமல் நிற்பதைவிட அது சிறிய குறை.

இரண்டாவது, நோய்த்தொற்றைத் தடுக்கும் ஆன்டிபயாட்டிக். தோலைக் கீறுவதற்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் அது கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே கேள்வி. பல பிரிவுகளில் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் காலை எட்டு மணிக்கே வார்டில் ஊசி போட்டுவிடுகிறார்கள். முதல் நோயாளிக்கு அது சரி. வரிசை மாறி, தாமதமாகி, பதினொன்றரைக்கு மேசைக்கு வருபவருக்குக் கீறும் நேரத்தில் மருந்தின் அளவு ரத்தத்தில் இறங்கியிருக்கும். “ஆன்டிபயாட்டிக் கொடுத்தாச்சா?” என்று கேட்டால், “ஆச்சு டாக்டர்” என்ற உண்மையான பதில் வரும். அந்த உண்மையால் பயனில்லை. “எத்தனை மணிக்குக் கொடுத்தீங்க?” என்று கேட்டால்தான் தவறு வெளியே வரும். மருந்தை வார்டில் கொடுப்பதை விட்டுவிட்டு, நோயாளி தியேட்டருக்குள் வந்த பிறகு கொடுப்பது இன்னும் நல்லது. இங்கே தவறைச் சரிசெய்ய டைம்-அவுட்டிலும் வாய்ப்பு இருக்கிறது. மருந்தை ஏற்றிவிட்டு அது திசுக்களுக்குப் போய்ச் சேரும்வரை பொறுக்கலாம். அதனால் இந்தக் கேள்வி தன் இடத்திலேயே இருக்கட்டும். கேட்கும் விதம் மட்டும் மாறினால் போதும்.

ரத்தம் பற்றிய கேள்வியோ சைன்-இன்னுக்கும் முன்னால் போக வேண்டியது. 500 மில்லி லிட்டருக்கு மேல் ரத்தம் போகும் ஆபத்து உண்டா என்று மூலப் பட்டியல் கேட்கிறது. ஹெர்னியாவுக்கு அது அநேகமாகத் தேவைப்படாது. அதே தியேட்டரில் மறுநாள் கர்ப்பப்பையை எடுக்கும்போது தேவைப்படும். ரத்த வங்கி அடுத்த ஊரில் இருக்கும் இடத்தில், மேசையில் படுத்தவரை வைத்துக்கொண்டு அதைக் கேட்பது வெறும் சடங்கு. முந்தைய நாள் மாலை ரவுண்ட்ஸில் அதைக் கேட்டுவிட வேண்டும். “குறுக்குப் பொருத்தம் பார்த்த ரத்தம் நம் கையில் இருக்கிறதா?” என்பதை மட்டும் சைன்-இன்னில் கேட்டால் போதும்.

எல்லோரும் பெயரும் பொறுப்பும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும் பகுதியைப் பற்றி நியாயமான எதிர்ப்பு உண்டு. பத்து வருடமாகச் சேர்ந்து வேலை செய்பவர்கள் தினமும் பெயர் சொல்வது செயற்கை. ஏற்கிறேன். ஆனால் அந்தப் பகுதிக்கு வேறொரு வேலையும் இருக்கிறது. தொடக்கத்தில் ஒருமுறை வாய் திறந்தவருக்கு, நடுவில் ஏதோ தவறாகப் படும்போது வாய் திறப்பது எளிது. எனவே பெயரை விட்டுவிட்டு, ஒவ்வொருவரும் ஒரு வரி பேசும்படி வைக்கலாம். எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்று சர்ஜன் சொல்லட்டும். நோயாளியைப் பற்றிய தன் கவலையை மயக்க மருத்துவர் சொல்லட்டும். கருவி, கணக்கு பற்றி நர்ஸ் சொல்லட்டும். நோயாளியும் பேசலாம். சிறிய பிரிவில் பெரும்பாலான ஆபரேஷன்கள் ஸ்பைனலில் நடப்பதால் டைம்-அவுட்டின்போதும் அவர் விழித்தே இருப்பார். இது முழு மயக்கத்தில் கிடைக்காத வசதி. தூக்க மருந்து கொடுத்திருந்தால் மட்டும் அவர் பதிலை முழுதாக நம்பக் கூடாது.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் பெரிய பலவீனம் ஒன்று மிஞ்சுகிறது. பட்டியலைப் படிப்பவர் ஸ்டாஃப் நர்ஸ். கேட்பவர் அவருடைய சர்ஜன். நர்சிங் ஹோமாக இருந்தால் சம்பளம் கொடுக்கும் முதலாளியும் அவரே. கத்தியைக் கையில் எடுத்துவிட்டவரைப் பார்த்து “கொஞ்சம் நில்லுங்க சார்” என்று சொல்லும் துணிவை ஒரு தாள் கொடுத்துவிடாது. இதற்கு உதவும் எளிய ஏற்பாடு உண்டு. டைம்-அவுட் முடியும்வரை கத்தி சர்ஜன் கைக்குப் போகாது. கருவி மேசையில் ஒரு துணிக்கு அடியில் இருக்கும். இதைச் சர்ஜனே எல்லோர் முன்னாலும் விதியாக அறிவிக்க வேண்டும். அப்போது நர்ஸ் யாரையும் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. துணியை எடுக்காமல் இருந்தாலே போதும்.

ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. டெல்லி, தான்சானியாவின் இஃபகாரா உள்ளிட்ட எட்டு நகரங்களில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், பட்டியல் வந்த பிறகு இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்விலோ 0.71 சதவீதம் 0.65 சதவீதமானது; புள்ளியியல்படி அதை மாற்றம் என்றே சொல்ல முடியவில்லை. முதல் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழு இல்லை என்பது அதன் குறை. ஒன்டாரியோவில் பட்டியல் மேலிருந்து வந்த கட்டாயம். ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளும் அதை முழுமையாகக் கடைப்பிடிப்பதாகக் கணக்குக் காட்டின. டிக்குகள் நிரம்பியிருப்பது கேள்விகள் கேட்கப்பட்டதற்குச் சான்று ஆகாது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

எது சான்று? ஒரு பிரிவு தன் கோப்பிலிருந்து கடந்த மூன்று மாதத் தாள்களை எடுத்துப் பார்க்கட்டும். டைம்-அவுட் நேரத்தை மயக்க மருத்துவரின் பதிவிலுள்ள கீறல் நேரத்தோடு ஒப்பிடட்டும். கீறலுக்குப் பிந்திய நேரம் எழுதப்பட்ட தாள் பின்னால் உட்கார்ந்து நிரப்பப்பட்டது. பிறகு, எத்தனை தாள்களில் ஒரு ‘இல்லை’யாவது இருக்கிறது என்று எண்ணட்டும். குறி போடாமல் வந்தவர், மருந்து நேரம் தாண்டியவர், பட்டை நிறம் மாறாத மூட்டை என்று ஏதாவது ஒன்று மூன்று மாதத்தில் நடக்காமல் இருந்திருக்காது. ஒரு ‘இல்லை’கூட இல்லாத கோப்பு பாதுகாப்பைக் காட்டவில்லை, அங்கே கேள்விகளே கேட்கப்படவில்லை என்பதைத்தான் காட்டுகிறது.