‘ஆம்’ என்று விழும் டிக்

குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கலாமா என்று முதலில் சலித்துப் பார்க்க, உலகம் முழுக்க அதிகம் புழங்கும் தாள் எம்-சாட். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கானது. ஆம், இல்லை என்று பெற்றோர் பதில் சொல்ல 20 கேள்விகள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், காசும் கிடையாது. கவலைக்குரிய பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். 2 வரை வந்தால் வாய்ப்பு குறைவு. 3 முதல் 7 வரை நடுத்தரம். 8-ஐத் தொட்டால் நேராக நிபுணரிடம் அனுப்ப வேண்டும்.

கேள்விகளைத் தேர்ந்த விதத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நம் வீடுகளில் பேச்சு வந்ததா என்பதைத்தான் எண்ணிக்கொண்டிருப்போம். “ஆம்பளப் பிள்ள, லேட்டாத்தான் பேசுவான்” என்று பாட்டி சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. இந்தத் தாளோ பேச்சுக்கு முந்தியதைத் தேடுகிறது. மொட்டை மாடியில் சோறு ஊட்டும்போது குழந்தை நிலாவை நோக்கி விரல் நீட்டி, உடனே அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதே, அந்தத் திரும்பல்தான் முக்கியம். நிலா அதற்கு வேண்டியதில்லை; ‘நீயும் பார்த்தாயா’ என்பதுதான் வேண்டும். பிஸ்கட் டப்பாவைக் காட்டிக் கேட்பது வேறு, இது வேறு. அதனால்தான் தாளில் இரண்டுக்கும் தனித்தனிக் கேள்வி உண்டு.

சிக்கல் தொடங்குவது டிக் போடும் கையில்.

இரண்டு வயது இரண்டு மாதப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது கேட்கவில்லையோ என்று அம்மாவுக்கே சந்தேகம். இரண்டு மதிப்பெண். வேண்டியதை விரலால் காட்டுகிறானா? ‘ஆம்’ என்கிறார். உண்மையில் அவன் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் ஃப்ரிட்ஜ் கதவில் வைக்கிறான். பிடித்ததைக் காட்டிப் பகிர்கிறானா? அதற்கும் இதையே நினைத்து ‘ஆம்’. பாவனை விளையாட்டு? காரை வைத்து மணிக்கணக்காக விளையாடுவான், ஆகவே ‘ஆம்’. ஆனால் காரைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பான். அதில் யாரையும் ஏற்றி ஊருக்குப் போனதே இல்லை. அம்மா பொய் சொல்லவில்லை. கேள்வி அவர் காதில் அப்படித்தான் விழுந்தது.

மொத்தம் 2. ‘வாய்ப்பு குறைவு’ என்று தாள் மூடப்படும். மூன்று பதில்களும் சரியாக விழுந்திருந்தால் 5.

நடுத்தர மதிப்பெண் வந்தவர்களிடம் நேர்காணலாக மறுபடி கேட்க வேண்டும் என்பது இந்த முறையின் இரண்டாம் படி. அதிலும் இரண்டு மதிப்பெண் எஞ்சினால்தான் மேல் பரிசோதனை. நல்ல ஏற்பாடு. 2014-ல் வெளியான ஆய்வில், இரு படிகளிலும் தேறாமல் பரிசோதிக்கப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆட்டிசம் உறுதியானது. மீதிப் பேரிலும் பெரும்பாலோருக்கு வேறு வளர்ச்சித் தாமதமோ கவலையோ இருந்தது. ஆனால் நேர்காணலில் திரும்பக் கேட்பது கவலை தந்த பதில்களை மட்டுமே. தவறாக விழுந்த ‘ஆம்’களை யாரும் தொடுவதில்லை. வீண் பயத்தைக் குறைக்க அமைந்த படி அது. நழுவிய குழந்தையைப் பிடிக்க அல்ல.

2019-ல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை வட்டாரத்திலிருந்து வந்த ஆய்வு இதை வெளிச்சமிட்டது. சுமார் 26,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். பின்னாளில் ஆட்டிசம் உறுதியானவர்களில் இந்தத் தாள் முன்கூட்டிக் காட்டியது பத்தில் நான்கு பேரைக்கூட அல்ல. அங்கே அந்த நேர்காணலும் பெரும்பாலும் நடக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தாளைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. ‘ஆம்’ என்றவரிடம் “எப்படிக் காட்டுவான், செய்து காட்டும்மா” என்று ஒரு வரி கூடுதலாகக் கேட்டால் போதும். மணிக்கட்டு இழுப்பு அங்கேயே தெரிந்துவிடும்.

உதவியும் பெரிய கருவிகளில் இல்லை. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் ஆறு மாதத்தில் 12 முறை பெற்றோருடன் உட்கார்ந்தார்கள். குழந்தையோடு விளையாடும் வீடியோவைச் சேர்ந்து பார்த்து, எங்கே அவசரப்பட்டோம் என்று கண்டுகொள்வதுதான் முறை. நம் பையன் சக்கரம் சுற்றினால் பிடுங்கக் கூடாது. பக்கத்தில் படுத்துத் தானும் ஒரு சக்கரத்தைச் சுற்றி, நிறுத்தி, அவன் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஆய்வில் குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்வது கூடியது. ஆனால் ஒன்றை இருவரும் சேர்ந்து கவனிக்கும் நேரம் கூடவில்லை, குறைந்தது. பங்கேற்றவர்களும் 65 பேர்தான். ‘குணமாக்கிவிடுவோம்’ என்று கட்டணம் கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

உங்கள் குழந்தைக்கு மதிப்பெண் 2 வந்திருந்தாலும் மனதில் உறுத்தல் இருந்தால், குழந்தை விளையாடுவதை இரண்டு நிமிடம் செல்போனில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். காது பரிசோதனைக்குச் சீட்டு கேளுங்கள். அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும்படியும் கேளுங்கள். உதவியைத் தொடங்க உறுதியான நோயறிதல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.