வெட்டுப்பட்ட அடிக்குறிப்பும் 18 சதவீதமும்

பொதுச் சுகாதாரம் படிக்கிற நண்பர் ஒருவர் அனுப்பிய கைப்பேசிப் படம் இது. வகுப்பில் கொடுத்த பயிற்சித் தாள். ஊர்களுக்குப் பெயர் இல்லை, ‘அ’, ‘ஆ’ மட்டும்தான். எண்களும் பயிற்சிக்காக வைத்த முழு எண்கள். இரண்டு ஊரிலும் 40,000 பேர், ஓராண்டு இறப்புகள்.

| வயது | அ: மக்கள் | அ: இறப்பு | ஆ: மக்கள் | ஆ: இறப்பு |
|---|---|---|---|---|
| 0–39 | 16,000 | 16 | 28,000 | 56 |
| 40–64 | 12,000 | 72 | 9,000 | 81 |
| 65+ | 12,000 | 480 | 3,000 | 102 |
| மொத்தம் | 40,000 | 568 | 40,000 | 239 |

படத்தில் அந்த 81 மேல் விளக்கொளி பட்டு வெள்ளையாகிவிட்டது. மொத்தத்திலிருந்து கழித்து எடுத்தேன். அட்டவணைக்குக் கீழே இரண்டு வரி: ஆயிரத்துக்கு மொத்த இறப்பு வீதம் அ 14.2, ஆ 6.0, திட்டப்படுத்திய வீதம் அ 5.1, ஆ 6.0. ‘ஆகவே ஆ ஊரில் இறப்பு 18 சதவீதம் அதிகம்’ என்று ஒரு முடிவு. அதற்கும் கீழே ஓர் அடிக்குறிப்பு இருந்திருக்கிறது. படம் எடுத்தவர் அதை வெட்டிவிட்டார்.

14.2, 6.0 என்ற வரியை நம்பாதே என்று தாள் சொல்வது சரிதான். அ ஊரில் பத்தில் மூன்று பேர் முதியவர்கள்; சாவு அதிகம் விழத்தான் செய்யும். என் சண்டை அடுத்த வரியோடு.

திட்டப்படுத்துவது என்றால் என்ன செய்கிறோம்? ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் அந்தந்த ஊரின் வீதத்தை எடுக்கிறோம். அ ஊரில் ஆயிரத்துக்கு 1, 6, 40. ஆ ஊரில் 2, 9, 34. பிறகு இரண்டையும் ஒரே மக்கள்தொகை மேல் ஏற்றி, எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று கூட்டுகிறோம். அந்தப் பொது மக்கள்தொகைக்குத் திட்ட மக்கள்தொகை என்று பெயர். அது எது என்பதுதான் வெட்டுப்பட்ட குறிப்பில் இருந்திருக்க வேண்டும்.

குறிப்பு இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். ஆ ஊரின் வீதம் திட்டப்படுத்துவதற்கு முன்னும் 6.0, பின்னும் 6.0. ஒரு ஊரை அதன் சொந்த மக்கள்தொகை மேலேயே ஏற்றினால் எண் அசையாது. அப்போ சந்தேகம் அங்கேதான். அ ஊரின் வீதங்களை ஆ ஊர் மக்கள் மேல் ஏற்றிப் பார்த்தேன்: 28 + 54 + 120 = 202. நாற்பதாயிரத்தால் வகுத்தால் ஆயிரத்துக்கு 5.05, அதாவது தாளில் உள்ள 5.1. ஆ ஊரையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

சரி, அளவுகோலை மாற்றினால்? அ ஊர் மக்களை வைத்தால் ஆ ஊருக்கு 32 + 108 + 408 = 548 இறப்பு, ஆயிரத்துக்கு 13.7. அ ஊர் தன் 14.2-இலேயே நிற்கும். இப்போது ஆ ஊர்தான் தேவலை! இரண்டு ஊரையும் சேர்த்து 80,000 பேரை வைத்தால் 9.6-க்கு 9.8, கிட்டத்தட்ட சமம். அந்த 18 சதவீதம் ஊரின் குணம் இல்லை. இளையவர்கள் நிறைந்த அளவுகோல் தந்தது.

எல்லா வயதிலும் ஒரே ஊர் மோசமாக இருந்தால் அளவுகோல் மாறும்போது விகிதம்தான் மாறும், வரிசை மாறாது. இங்கே 65-க்கு மேல் வீதங்கள் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. அந்த வெட்டு நிஜமா என்பதும் கேள்வி. 102 இறப்பில் தற்செயலாகவே சுமார் 20 கூடலாம், குறையலாம்; வீதம் 27-இலிருந்து 41 வரை போகும். அ ஊரின் 40 அதற்குள்ளேயே அடங்குகிறது. உண்மையான ஊராக இருந்தால் இன்னொன்றும் கேட்பேன். இறப்பை நடந்த இடத்தில் பதிகிறார்களா, வசித்த இடத்திலா? இந்தியாவில் நடந்த இடத்தில்தான் பதிவு. பெரிய ஆஸ்பத்திரி பக்கத்து ஊரில் இருந்தால் முதியவர்களின் சாவு அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

அளவுகோலின் கனம் பயிற்சித் தாளோடு நிற்பதில்லை. அமெரிக்கா 1999 இறப்புத் தரவிலிருந்து 1940 மக்கள்தொகையை விட்டு 2000 மக்கள்தொகைக்கு மாறியது. 1995-இன் அதே இறப்புகள் பழைய அளவில் லட்சத்துக்குச் சுமார் 504, புதியதில் சுமார் 919. கூடுதலாக ஒருவர்கூடச் சாகவில்லை.

இந்தத் தாளை நான் திருத்துவதானால் அந்த 18-ஐ அடித்துவிட்டு, வயதுவாரி வீதங்களையே முன்னால் வைப்பேன். 40-க்குக் கீழே ஆ ஊரில் இரண்டு மடங்கு, 40–64-இல் ஒன்றரை மடங்கு. 28 பேர் இறந்திருக்க வேண்டிய இடத்தில் 56 பேர். மருத்துவரை அங்கே அனுப்புவதா, எதற்காக அனுப்புவது என்று முடிவெடுக்கிறவருக்கு வேண்டிய வரி அதுதான். திட்டப்படுத்திய எண் கட்டாயம் வேண்டுமென்றால் அதே வரியில் திட்ட மக்கள்தொகையின் பெயரையும் எழுதட்டும். அடிக்குறிப்பில் போட்டால் படம் எடுக்கும்போது வெட்டிவிடுகிறார்கள்.