திருத்திய மன்னிப்பில் தேதி எங்கே?

மைசூருவின் ஹெப்பாள் தொழிற்பேட்டையிலிருந்து ஜப்பானுக்கு உதிரி பாகம் அனுப்பும் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சரக்கு பிந்திவிட்டது. ஏற்றுமதிப் பிரிவில் இருக்கும் இளைஞர் மன்னிப்புக் கேட்டு ஜப்பானிய மொழியில் ஒரு மின்னஞ்சல் எழுதுகிறார். மொழி நன்கறிந்த மூத்தவர் அதைத் திருத்திய பிறகே அது வெளியே போகிறது. ஜே.எல்.பி.டி. தேர்வு சொல், இலக்கண அறிவையும் வாசிப்பையும் கேட்டுப் புரிந்துகொள்வதையும் மட்டுமே சோதிக்கிறது. எழுதும் திறனைச் சோதிக்கும் பகுதி அதில் கிடையாது. உயர்நிலையில் தேறியவருக்குக்கூட கடிதம் எழுதிப் பழக்கம் இருப்பதில்லை என்பதால் இந்தத் திருத்தம் தேவைதான். ஆனால் அது எதைத் திருத்துகிறது, எதைத் தொடாமல் விடுகிறது என்று பார்க்க வேண்டும்.

இளைஞரின் வரைவு இப்படி இருக்கிறது: சரக்கு பிந்திவிட்டது, 'சுமிமாசென்'. மூலப்பொருள் வரவில்லை. எங்கள் மேலாளர் இன்னார்-சான் அடுத்த வாரம் அனுப்புவதாகச் சொன்னார். இணைப்பை 'ஹாய்கென் ஷிதெ குதாசாய்'.

மூத்தவர் மூன்று இடங்களில் கை வைக்கிறார். 'சுமிமாசென்' பேச்சில் போதும், வாடிக்கையாளருக்கு எழுதும்போது போதாது. அதனால் 'மோஷிவாகெ கோசாய்மாசென்' ஆகிறது. 'ஹாய்கென்' என்பது நான் பார்ப்பதைத் தாழ்த்திச் சொல்லும் சொல். வாடிக்கையாளர் பார்ப்பதற்கு அதைப் போட்டால் அவரைத் தாழ்த்தியதாகிவிடும். அதனால் அவரை உயர்த்தும் 'கோரான் குதாசாய்' வருகிறது. மேலாளர் பெயரின் பின்னிருந்த 'சான்' நீக்கப்படுகிறது.

இந்தக் கடைசிப் பிழை நம் மொழிகளிலிருந்தே வருகிறது. வெளியாளிடம் பேசும்போதும் தமிழில் 'எங்க மேனேஜர் சொன்னாங்க' என்றுதான் சொல்வோம். கன்னடத்திலும் 'ஹேளிதரு' என்று மரியாதை விகுதி வரும். நமக்கு மேலாளர் எங்கும் மேலாளர்தான். ஜப்பானிய மொழியிலோ வாடிக்கையாளர் முன்னால் நம் நிறுவனத்தார் அத்தனை பேரும் ஒரே வீட்டு ஆட்கள். வீட்டு ஆளை வெளியாள் முன் உயர்த்தக் கூடாது. எழுவாயை அடிக்கடி விட்டுவிடும் அம்மொழியில், யார் செய்தார் என்பதைப் பல இடங்களில் வினையின் உயர்வும் தாழ்வுமே காட்டிக்கொடுக்கும். ஆகவே இத்தகைய திருத்தங்கள் பொருளையும் தெளிவாக்குகின்றன. திருத்தும் வழக்கத்தின் மெய்யான பலம் இதுதான்.

குறை அதற்குப் பிறகு தொடங்குகிறது. பணிவு கூடக்கூட நல்லது என்று நினைப்பவர், 'பிந்தும்' என்ற எளிய வினையை 'ஒகுராசெதெ இதாதாகிமாஸ்' என்று மாற்றிவிடுவார். 'செதெ இதாதாகு' என்னும் இவ்வடிவம், எதிராளியின் அனுமதியோடு ஒன்றைச் செய்து அதனால் நான் நன்மை பெறுகிறேன் என்னும்போது பொருந்துவது. ஜப்பானின் பண்பாட்டு அவை 2007-இல் வெளியிட்ட மரியாதை மொழி வழிகாட்டியும் இந்த இரண்டு நிபந்தனைகளையே சொல்கிறது. தாமதத்துக்கு வாடிக்கையாளர் அனுமதி தரவில்லை. எனவே அந்த வாக்கியம், 'உங்கள் தயவில் தாமதப்படுத்திக்கொள்கிறோம்' என்று பொருள்படும். பணிவாக ஒலிக்கும் அந்தச் சொல் அவருக்கு இன்னும் சினமூட்டவே செய்யும்.

இதைவிடப் பெரிய குறை, திருத்தப்படாமலே போகும் 'அடுத்த வாரம்'. ஜப்பானிய வாடிக்கையாளர் 'நோகி' என்று சொன்னால், பொதுவாகத் தன் கிடங்குக்குப் பொருள் வந்து சேரும் நாளையே நினைக்கிறார். மைசூருவில் இருப்பவர் லாரி ஏறும் நாளை நினைத்து எழுதுகிறார். இடையில் சென்னைத் துறைமுகம் வரை சாலைப் பயணம், சுங்கச் சோதனை, பிறகு வாரக்கணக்கில் கடல் பயணம். அடுத்த வாரம் பொருள் வரும் என்று நம்பி அவர் தன் உற்பத்தியைத் திட்டமிட்டால், இரண்டாவது மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டிவரும். சொல்லில் தவறில்லாத இக்கடிதத்தைத் திருத்துபவர் நல்ல கடிதம் என்று அனுப்பிவிடுகிறார்.

காரணம் சொல்வதிலும் இதே நிலைதான். 'மூலப்பொருள் வரவில்லை' என்பதை எத்தனை பணிவான சொல்லில் போர்த்தினாலும் சாக்காகவே தோன்றும். எந்தப் பொருள், எப்போது தெரியவந்தது, இனி எவ்வளவு இருப்பு வைப்போம் என்று சொன்னால்தான் அது விளக்கமாகும். இதை மொழி தெரிந்தவர் தனியாக எழுத முடியாது. உற்பத்திப் பிரிவிலிருந்து கேட்டு வாங்க வேண்டும்.

மரியாதைச் சொல்லைத் திருத்தும் வழக்கம் சரியானது, அதைக் கைவிடக் கூடாது. ஆனால் அதற்கு முன் இன்னொரு திருத்தம் நடக்க வேண்டும்: கப்பல் ஏறும் தேதி, கிடங்கு சேரும் தேதி, காரணம், தடுப்பு நடவடிக்கை. இந்த நான்கும் வரைவில் இல்லையென்றால் மூத்தவர் சிவப்பு மையை எடுக்காமல் கடிதத்தைத் திருப்பி அனுப்பட்டும்.