பதினொன்றாம் நாளின் கறுப்புப் பொருக்கு

வார்டுக் கூட்டத்தில் இளம் மருத்துவர்கள் கேஸ் சொல்லக் கேட்டே பல வருஷங்களைக் கழித்துவிட்ட எனக்கு, ஸ்லைடு அடுக்கும் கலையில் ஒரு ருசி ஏற்பட்டுவிட்டது. அந்த ருசியைப் பெரும்பாலோர் முதல் ஸ்லைடிலேயே கெடுத்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 'ஸ்க்ரப் டைஃபஸ்: ஓர் அரிய கேஸ்' என்று தலைப்பிலேயே முடிவை எழுதிவிட்டால், சபையில் இருப்பவர்களுக்கு யோசிக்க என்ன மிச்சம்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரத்தில் ரிச்சர்ட் காபட், பிரேதப் பரிசோதனையின் முடிவை மறைத்து வைத்துக்கொண்டு நோயாளியின் சரித்திரத்தை மட்டும் விவாதத்துக்கு வைத்தாரே, அந்த மறைப்பில்தான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் வார்டில் ஓர் இளம் பெண் மருத்துவர் எட்டே ஸ்லைடுகளில் சொன்ன கேஸ் இன்னும் என் மனத்தில் நிற்கிறது. முதல் ஸ்லைடில் ஒரே வாக்கியம்: 'மாட்டுக்குப் புல் அறுக்கும் 42 வயதுப் பெண், ஒன்பது நாள் காய்ச்சல், தலைவலி, இரண்டு நாளாக மூச்சிரைப்பு.' புல் அறுப்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை. வயதோடு வயதாக அதைப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

அடுத்த ஸ்லைடைத்தான் நான் வெகுவாக ரசித்தேன். குறுக்கே ஒரு கோடு. அதன்மேல் நாட்கள், அதுவும் காலண்டர்த் தேதியாகவோ வார்டில் சேர்ந்த நாளாகவோ அல்லாமல், காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்பட்டவை. கோட்டுக்கு மேலே உஷ்ணம், கீழே தட்டணுக்கள், ஏழாம் நாளில் ஓர் அம்புக்குறி: வெளியே எடுத்த டெங்கு என்எஸ்1 பரிசோதனை, நெகட்டிவ். இதே சங்கதியை லேப் ரிப்போர்ட்டின் அட்டவணையில் படித்தவன் 'டெங்கு இல்லை' என்று கை கழுவிவிடுவான். கோட்டின்மேல் பார்த்தவனுக்கோ, ஏழாம் நாளைக்குள் அந்த ஆன்டிஜென் ரத்தத்தை விட்டு மறைந்திருக்கக்கூடும், ஆகையால் அந்த நெகட்டிவ் எதற்கும் சாட்சியாகாது என்பது கண்ணிலேயே படும். அதே கோடு மற்றொன்றையும் சொல்லிற்று. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் தட்டணுக்கள் அடிமட்டத்துக்குப் போவது வழக்கம். இங்கேயோ பதினொன்றாம் நாளில் தட்டணு 48,000, காய்ச்சல் அப்போதும் 102. இவ்வளவுக்கும் அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை.

லேப் தாளில் முப்பதுக்கு மேற்பட்ட வரிகள் இருந்தன. அவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். தட்டணு, ஏறிக்கொண்டே போன வெள்ளணு, இவற்றோடு சாதாரணமாகவே இருந்த ஹெமட்டோக்ரிட். சாதாரணமான எண்ணுக்கு ஸ்லைடில் என்ன வேலை என்று கேட்கலாம். கடுமையான டெங்குவில் ஏறியிருக்க வேண்டிய எண் ஏறாமல் நின்றதே ஒரு தடயமல்லவா?

அதற்கடுத்த ஸ்லைடில் டெங்கு, எலிக்காய்ச்சல், மலேரியா என்று மூன்று பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஒத்துவருவது', 'உதைப்பது' என்று இரண்டு கட்டங்கள். எதுவும் முழுசாகப் பொருந்தவில்லை. அந்த ஸ்லைடை அப்படியே நிறுத்திவிட்டு அவர் பேசாமல் நின்றார், பின்வரிசையில் யாரோ, "புல் அறுக்கிற அம்மாதானே?" என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

அப்புறம்தான் படம் வந்தது: இடது மார்பின் அடிமடிப்பில், பீடி சுட்டாற்போல, சிவந்த விளிம்போடு ஒரு கறுப்புப் பொருக்கு. முந்தின நாள் ஒத்திகையில் இந்தப் படம் இரண்டாம் ஸ்லைடில் இருந்தது. அது கண்டுபிடிக்கப்பட்ட பதினொன்றாம் நாளின் இடத்துக்கே அதைக் கொண்டுபோகச் சொன்னது மட்டும் என் பங்கு. நோயாளியின் சம்மதம் பெற்று, அடையாளம் தெரியாதபடி, இரண்டங்குலத் தோலை மாத்திரம் வெட்டியெடுத்திருந்த நயம் அவருடையது. அன்று மாலையே டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் இருவேளையாகத் தொடங்கியதும், பதின்மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும், பிறகு வந்த ஸ்க்ரப் டைஃபஸ் ஐஜிஎம் பாசிட்டிவும் ஒரே ஸ்லைடில் அடங்கிவிட்டன.

கடைசி ஸ்லைடில் அவர் நன்றி சொல்லவில்லை. ஒரு கேள்வியைப் போட்டிருந்தார்: 'ஒன்பதாம் நாள் ஏன் பார்க்கவில்லை?' கூச்சப்பட்ட நோயாளியின் ரவிக்கையைத் தளர்த்திப் பார்க்காமலே பரிசோதனையை முடித்துவிட்டதாக, பழியை அவரே ஏற்றுக்கொண்டார். சபை மௌனமாயிருந்தது. அப்போது கதவோரம் நின்றிருந்த மூத்த நர்ஸம்மா, "டாக்டர், வந்த அன்னிக்கு ராத்திரியே உடம்பு துடைக்கறப்ப நான் அதைப் பார்த்தேன். அடுப்புச் சூடு பட்டதுன்னு அந்தம்மா சொன்னாங்க. நானும் விட்டுட்டேன்," என்றார்.

இளம் மருத்துவர் மறுமொழி எதுவும் சொல்லாமல் இரண்டாம் ஸ்லைடுக்குத் திரும்பிப்போய், எங்கள் கண்ணெதிரிலேயே, ஒன்பதாம் நாளின் கீழே ஒரு கறுப்புப் புள்ளி வைத்தார்.