குங்குமச் சோதனைகள்: எலுமிச்சை ஏன் பொய் சொல்கிறது?

"அசல் குங்குமத்தைக் கண்டுபிடிப்பது எப்படி" என்று ஆடி மாசத்திலும் நவராத்திரி சமயத்திலும் வருகிற கட்டுரைகளைச் சில வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அதே இரண்டு சோதனைதான். தண்ணீரில் கரைத்துப் பார், சிவப்பு இறங்கினால் போலி. எலுமிச்சைச் சாறு விட்டுப் பார், மஞ்சளாக மாறினால் அசல். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் எடுத்துப் போட்டதாகத்தான் தெரிகிறது. குங்குமம் எப்படிச் சிவக்கிறது என்று எழுதியவர்கள் யோசித்திருந்தால் இரண்டாவது சோதனையை அப்படியே விட்டிருக்க மாட்டார்கள்.

சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்கு மூலப்பொருள் புதுசில்லை. நாமகிரிப்பேட்டை ஏலத்தில் விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்து மூட்டை மூட்டையாக மஞ்சள் விற்கிறது. அந்த மஞ்சளைச் சிவப்பாக்க இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, சுண்ணாம்பு. ஆரத்தித் தட்டில் நடப்பதுதான் இது. மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். ஆனால் இந்தச் சிவப்பு நிலைக்காது. காற்றுப்பட்டு சுண்ணாம்பின் காரம் குறையக் குறைய நிறமும் பின்வாங்கும். புளிப்பு பட்டால் உடனே மஞ்சளாகிவிடும்.

இரண்டாவது, வெண்காரம். உருண்டை மஞ்சளை உடைத்து, எலுமிச்சைச் சாற்றில் வெண்காரமும் கொஞ்சம் படிகாரமும் கரைத்து அதில் ஊறப் போடுவார்கள். கிலோவுக்கு சுமார் 100 கிராம் வெண்காரம் என்பது பரவலாகச் சொல்லும் கணக்கு, வீட்டுக்கு வீடு மாறும். சாறு முழுக்க இழுத்துக்கொண்டதும் நிழலில் காயவைத்து, இடித்துச் சலித்து, கடைசியில் நெய்யோ நல்லெண்ணெயோ பிசிறுவார்கள். இங்கே குர்குமின் புளிப்பின் துணையோடு வெண்காரத்திலுள்ள போரானைப் பிடித்துக்கொண்டு சிவக்கிறது. நல்ல குங்குமம் என்று நம் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இப்போது அந்த எலுமிச்சைச் சோதனையைப் பாருங்கள். எலுமிச்சைச் சாற்றிலேயே ஊறிச் சிவந்த பொருள், மறுபடி அதே சாறு பட்டால் எதற்காக மஞ்சளாக வேண்டும்? ஆகாது. பாடுபட்டுச் செய்த குங்குமம் "போலி" என்று பெயர் வாங்குகிறது, மஞ்சள்தூளில் சுண்ணாம்பைக் கலந்து அவசரத்துக்குச் செய்தது "அசல்" ஆகிறது. ராசிபுரம் பக்கம் வீட்டிலேயே செய்து விற்கிற ஒரு அக்கா இதைத்தான் சொல்லி வருத்தப்பட்டார்: "போன்ல பாத்துட்டு வந்து எலுமிச்சம்பழத்தைப் பிழியறாங்க தம்பி. நான் அதுலதான் ஊறவே வெக்கறேன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

தண்ணீர்ச் சோதனை பாதி சரி. தண்ணீரில் இளஞ்சிவப்பாக இறங்கினால் சாயம்தான், சந்தேகமே வேண்டாம். மஞ்சளின் நிறம் தண்ணீரில் அப்படிக் கரையாது. ஆனால் இறங்காவிட்டால் நல்லது என்று சொல்ல முடியாது. தண்ணீரில் கரையாத சிவப்பு நிறமிகள் நிறைய உண்டு. குங்குமத்தால் ஒவ்வாமை வந்தவர்களைப் பற்றிய தோல் மருத்துவக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் பெயர்களான 'பிரில்லியன்ட் லேக் ரெட்', 'சூடான் 1' எல்லாம் அந்த வகை. இந்தச் சோதனையில் அவை சத்தமில்லாமல் தேறிவிடும்.

என் கணக்கில் வீட்டில் செய்யக்கூடிய உருப்படியான சோதனை, சுண்ணாம்புத் தெளிநீர். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரில் நாலு சொட்டு எடுத்து ஒரு சிட்டிகை குங்குமத்தின் மேல் விட வேண்டும். வெண்காரம் போட்ட மஞ்சள் குங்குமம் கறுத்துப் போகும், சில சமயம் பச்சை கலந்த கறுப்பாகவும் தெரியும். சாயம் அசையாமல் அதே சிவப்பில் நிற்கும்.

மூன்று பொட்டலம் வாங்கிச் செய்து பார்த்தேன். சந்தையில் வாங்கிய மலிவான பொட்டலம் தெளிநீருக்கு அசையவில்லை. ஈரமான டிஷ்யூ தாளின் ஓரத்தில் வைத்ததும் ரோஸ் நிறம் ஓடியது, கள்ள நோட்டு பார்க்கும் டார்ச் அடித்தால் ஆரஞ்சாக ஒளிர்ந்தது. ரோடமின்-பி அப்படித்தான் ஒளிரும். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் தடையானதற்குக் காரணமான அதே சாயம். ஒளிர்வதெல்லாம் அதுதான் என்று டார்ச்சை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பொட்டலத்தை நெற்றியில் வைக்க மாட்டேன். ராசிபுரம் அக்காவின் குங்குமம் கறுத்தது, தாளில் ரோஸ் ஓடவில்லை. மூன்றாவது, "முழுக்க இயற்கை" என்று அச்சிட்ட, மூன்றிலும் விலை கூடின டப்பா. அது கறுக்கவும் செய்தது, தாளில் ரோஸ் வளையமும் விட்டது. மஞ்சள் குங்குமம்தான், பளபளப்புக்கு மேலே சாயம் தூவியிருக்கிறார்கள். தெளிநீரை மட்டும் நம்பியிருந்தால் இது தப்பித்திருக்கும். அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கரையாத நிறமியைக் கொஞ்சமாகக் கலந்திருந்தால் இரண்டிலும் சிக்காது, அதற்கு ஆய்வகம்தான்.

இது வெறும் கலப்படக் கோபம் இல்லை. என் அத்தைக்குப் பொட்டு வைக்கும் இடம் இரண்டு வருஷமாகக் கருத்துக்கொண்டே போனது. அரிப்பு கிடையாது, அதனால் யாரும் ஒவ்வாமை என்று நினைக்கவில்லை. சோப்பை மாற்றினார், க்ரீம் போட்டார், குங்குமத்தை மட்டும் மாற்றவில்லை. தோல் டாக்டர் அவருடைய குங்குமத்தையே முதுகில் ஒட்டி வைத்து, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அரிப்பே இல்லாமல் கருமை மட்டும் படரும் இந்த வகைக்குக் குங்குமச் சாயம் தெரிந்த காரணம்.

ஈயம் பற்றிய பயத்தையும் இந்தக் கட்டுரைகள் குழப்பிவிடுகின்றன. 2017-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்டதைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர்கள் பார்த்தது வகிட்டில் வைக்கும் சிந்தூர். இந்தியாவில் வாங்கிய 23 மாதிரிகளில் 43 சதவீதம், கிராமுக்கு 20 மைக்ரோகிராம் ஈயம் என்ற வரம்பைத் தாண்டின. சிந்தூரில் ஈயச் செந்தூரம் சேரும் பழக்கம் உண்டு. அந்த எண்ணிக்கையை அப்படியே மஞ்சள் குங்குமத்தின் மேல் ஏற்றுவது நியாயமில்லை. ஆனால் ஆரஞ்சுச் சிவப்பாக, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கிற தூளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள், குழந்தை இருக்கிற வீட்டில் சொல்லவே வேண்டாம்.

சந்தனத்துக்கு இவ்வளவு வேலை இல்லை, விலையே சொல்லிவிடும். வனத்துறை திருப்பத்தூரிலும் சத்தியமங்கலத்திலும் ஏலம் விடுகிற கட்டை கிலோ பல ஆயிரம் ரூபாய். 20 ரூபாய் பாக்கெட்டில் இருப்பது வேறு மரத்தூளும் வாசனையும் மஞ்சள் சாயமும். கல்லில் உரைத்த சந்தனம் வெளிறிய மரநிறத்தில் இருக்கும், எலுமிச்சை மஞ்சளாக இருக்காது. சின்னக் கட்டை ஒன்று வாங்கி உரைத்துக்கொள்வது வருஷக் கணக்கில் வரும்.

வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அழகுப்பொருளாக விற்றால் தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், உரிம எண், சேர்மானம் எல்லாம் இருக்க வேண்டும். சேர்மானத்தில் சி.ஐ. என்று ஆரம்பிக்கும் எண் இருந்தால் அது நிறமி. 45170 என்றால் ரோடமின்-பி, ஐரோப்பாவில் அழகுப்பொருளில் அதற்கு இடமில்லை. "பூஜைக்கு மட்டும்" என்று போட்டிருந்தால் நெற்றிக்கு வேண்டாம். வீட்டில் செய்து விற்பவர்களிடம் லேபிள் இருக்காது. வெண்காரம் எவ்வளவு, எத்தனை நாள் ஊறவைக்கிறீங்க என்று கேளுங்கள். செய்கிறவருக்கு உடனே பதில் வரும், வாங்கி விற்கிறவர் இழுப்பார். அவரே சொன்னாலும் வெண்காரம் இருக்கிற பொருளைக் கைக்குழந்தைக்கும் புண் மேலும் வைக்காதீர்கள்.

ஒட்டும் பொட்டு தனிக் கதை. அந்த இடம் கருக்காமல் வெளுத்தால் சாயத்தைத் தேடிப் பயனில்லை, குற்றவாளி பசை. பசையில் சேரும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் தோலின் நிறச் செல்களையே கொல்லக்கூடியது. பொட்டை இடம் மாற்றி ஒட்டினால் அங்கேயும் வெளுக்கும். முதல் வெள்ளைப் புள்ளி தெரிந்த அன்றே ஒட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போனால் நிறம் திரும்ப வாய்ப்பு இருக்கிறது.