வாசலில் ஒரு சைக்கிள் தடம்

தஞ்சைப் பக்கத்துக் கிராமத் தெரு ஒன்றின் படம். ஆள் நடமாட்டமே இல்லை. தாத்தா பாட்டிக்குப் படித்துக்காட்ட இதிலிருந்து ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். முதலில் நிழலைத்தான் பார்த்தேன். திண்ணைத் தூணின் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. உச்சிவேளை. விடியலில் போட்ட கோலத்தின் குறுக்கே ஒற்றைச் சைக்கிள் தடம். அப்படியானால், கோலம் போட்ட பிறகு யாரோ வந்து போயிருக்கிறார்கள். எனக்குக் கதை அந்தத் தடத்தில்தான் கிடைத்தது.

தபால்காரர் வந்தார் என்று எழுதினேன். மகன் அனுப்பிய மணியார்டர், கிழவியின் கைநாட்டு, தபால்காரருக்கு ஒரு டம்ளர் மோர். இரண்டே ஆட்கள், அதற்கு மேல் போனால் கேட்பவர்களுக்கு யார் யார் என்பது குழம்பிவிடும். வாக்கியமும் ஒரே மூச்சில் முடிய வேண்டும்.

படித்துக்காட்டியதும் பாட்டி நிறுத்தினாள்: "கைநாட்டுன்னா சாட்சிக் கையெழுத்து வேணுமேடா, யார் போட்டா?"

அவள் சொன்னது சரி. மணியார்டருக்கு அதுதான் விதி. கதையில் எதிர்த் திண்ணையில் படுத்திருந்த ஒருவரை எழுப்பிக் கூட்டி வந்து கையெழுத்துப் போடவைத்தேன். இப்போது கதையில் மூன்று பேர். மோரும் இரண்டு டம்ளர்.